பதின்மூன்றாம் தேதி சேர்ந்தவருக்கு எத்தனை நாள் சம்பளம்?

மாதச் சம்பளம் 31,200 ரூபாய். 2026 ஜூலை 13, திங்கட்கிழமை ஒருவர் வேலையில் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வாரத்தில் ஞாயிறு மட்டும் விடுமுறை. ஜூலை மாதத்துக்கு அவருக்கு எவ்வளவு வரவேண்டும்?

ஒரு அலுவலகம் 18,720 ரூபாய் என்று சொல்லும். இன்னொன்று 19,122 என்னும். 19,760 தருகிற இடமும் உண்டு, 20,400 தருகிற இடமும் உண்டு. நான்குமே நடைமுறையில் இருக்கிற கணக்குகள்தான். ஆனால் அவருடைய பே ஸ்லிப்பில் 17,110 என்று இருந்தால் அது தவறு. அதைத் தயங்காமல் கேட்டுத் திருத்தச் சொல்லலாம். முதல் நான்கும் எப்படி வந்தன, ஐந்தாவது ஏன் தவறு என்பதைத் தெரிந்துகொள்ள ஒரு வகுத்தலும் ஒரு பெருக்கலும் போதும். எதை எதனால் வகுக்கிறோம் என்பதில் மட்டும் கவனம் வேண்டும்.

முதலில் நாளை எண்ணுவோம். மாதக் கடைசி 31, சேர்ந்த நாள் 13. கழித்தால் 18 வருகிறது. இந்த இடத்திலேயே பலருக்கு ஒரு நாள் போய்விடுகிறது. 13ஆம் தேதியும் வேலை பார்த்த நாள், 31ஆம் தேதியும் வேலை பார்த்த நாள். இரண்டையும் சேர்த்து எண்ணினால் 19. கழித்து வந்த விடையோடு ஒன்றைக் கூட்ட வேண்டும் என்பது பள்ளிக்கூடக் கணக்குதான். ஆனாலும் கணினியில் இரண்டு தேதிகளைக் கழிக்கச் சொன்னால் அது 18 என்றுதான் காட்டும். ஒரு நாள் சம்பளம் குறைகிறது என்று புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

சேர்ந்த நாளுக்குச் சம்பளம் உண்டா என்ற கேள்விக்கு அரசுப் பணியில் தெளிவான விடை இருக்கிறது. பணியேற்பு அறிக்கையில் தேதிக்குப் பக்கத்தில் மு.ப. அல்லது பி.ப. என்று எழுதுவார்கள். முற்பகலில் பணியேற்றால் அன்றிலிருந்தே சம்பளம். பிற்பகலில் ஏற்றால் மறுநாளிலிருந்து. இரண்டு எழுத்துதான், ஆனால் ஒரு நாள் ஊதியம் அதில் இருக்கிறது. தனியார் நிறுவனங்களில் இந்தப் பிரிவினை பொதுவாக இல்லை. சான்றிதழ் சரிபார்ப்பு, அறிமுகக் கூட்டம் என்று முதல் நாள் முழுக்கக் கழிந்தாலும், ஆஃபர் லெட்டரில் சேரும் தேதி 13 என்று இருந்தால் 13 முதல் சம்பளம் உண்டு.

இனி வகுக்கும் எண். எளிதில் புரிகிற முறை, அந்த மாதத்தில் நாள்காட்டியில் எத்தனை நாள் இருக்கிறதோ அதனால் வகுப்பது. ஜூலைக்கு 31. 31,200-ஐ 31-ஆல் வகுத்து 19-ஆல் பெருக்கினால் 19,122 ரூபாய் 58 காசு. இதில் ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் சம்பளம் சேர்ந்தே வருகிறது. வகுக்கும்போது மாதத்தின் நான்கு ஞாயிறுகளும் 31-க்குள் இருக்கின்றன; பெருக்கும்போது அவர் சேர்ந்த பிறகு வந்த 19, 26 தேதிகளின் இரண்டு ஞாயிறுகளும் 19-க்குள் இருக்கின்றன. மேலே எண்ணியது நாள்காட்டி நாள், கீழே எண்ணியதும் நாள்காட்டி நாள்.

இதே தொகையை வேலை நாளை வைத்தும் கணக்கிடலாம். 2026 ஜூலையில் நான்கு ஞாயிறு போக 27 வேலை நாள். 13ஆம் தேதியிலிருந்து எண்ணினால் 17 வேலை நாள். 31,200-ஐ 27-ஆல் வகுத்து 17-ஆல் பெருக்கினால் 19,644 ரூபாய். முன்னதைவிட ஐந்நூறு ரூபாய் சொச்சம் அதிகம். காரணம், அவர் வருவதற்கு முன்பே 5, 12 என்று இரண்டு ஞாயிறுகள் கழிந்துவிட்டன. அவை இந்தக் கணக்கில் அவர் பங்கிலிருந்து எதையும் எடுக்கவில்லை. இதுவும் நியாயமான கணக்கு. இங்கே மேலேயும் கீழேயும் வேலை நாள் மட்டும்தான்.

ஐந்தாவது எண்ணான 17,110 எப்படி வந்தது என்று இப்போது பார்க்கலாம். வருகைப் பதிவேட்டைப் பார்த்து ‘இவர் 17 நாள் வந்திருக்கிறார்’ என்று எழுதுகிறார்கள். ஒரு நாள் சம்பளத்துக்கு 31-ஆல் வகுத்த 1,006 ரூபாயை எடுக்கிறார்கள். இரண்டையும் பெருக்கி 17,109 ரூபாய் 68 காசு தருகிறார்கள். மேலே இருப்பது வேலை நாள், கீழே இருப்பது நாள்காட்டி நாள். முழு மாதம் வேலை பார்த்த பக்கத்து மேசைக்காரருக்கு ஞாயிறுக்கும் சேர்த்துச் சம்பளம் போகிறது. புதிதாக வந்தவருக்கு மட்டும் இரண்டு ஞாயிறுகள் பறிபோகின்றன. குறைந்த தொகை 2,012 ரூபாய் 90 காசு. அது மிகச் சரியாக இரண்டு நாள் சம்பளம். எண்ணற்ற முதல் மாதப் பே ஸ்லிப்புகளில் இருக்கும் தவறு இதுதான் என்பது என் எண்ணம். ஏனென்றால் ‘நீங்கள் வந்த நாளுக்குத்தான் கொடுத்திருக்கிறோம்’ என்று சொன்னால் கேட்பவருக்கும் அது சரி என்றே தோன்றிவிடுகிறது.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. அதே சூத்திரத்தை, ஒன்றாம் தேதியே சேர்ந்து ஒரு நாளும் தவறாமல் வந்தவருக்குப் போட்டுப் பாருங்கள். அவருக்கு 27 வேலை நாள், வகுத்தி 31. விடை 27,174 ரூபாய். முழு மாதம் வேலை பார்த்தவருக்கு முழுச் சம்பளத்தைத் தராத ஒரு சூத்திரம், பாதி மாதம் பார்த்தவருக்கும் சரியான தொகையைத் தராது. ஹெச்.ஆர். பிரிவில் பேசும்போது இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே போதும்: “மேடம், இதே கணக்குல ஒண்ணாம் தேதியே சேர்ந்திருந்தா எனக்கு எவ்வளவு வந்திருக்கும்?”

சட்டத்திலும் இந்த விகிதம் இருக்கிறது. 1936ஆம் ஆண்டு ஊதியம் வழங்கல் சட்டத்தின் 9ஆவது பிரிவு, வேலைக்கு வராத நாட்களுக்கான பிடித்தத்தைப் பற்றிப் பேசியது. அந்த ஊதியக் காலத்தில் ஒருவர் வேலை பார்க்க வேண்டிய மொத்தக் காலத்தில் வராத காலம் எந்தப் பங்கோ, சம்பளத்தில் அதற்கு மேற்பட்ட பங்கைப் பிடிக்கக் கூடாது என்றது. அதன் இடத்துக்கு வந்துவிட்ட 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பும் இதே வரம்பை வைத்திருக்கிறது. அது விடுப்பு எடுத்தவருக்கான விதி. நடு மாதத்தில் சேர்ந்தவரைப் பற்றி நேரடியாகப் பேசவில்லை. ஆனாலும் பங்கு போடும்போது இரண்டு பக்கமும் ஒரே வகை நாளை எண்ண வேண்டும் என்பது அதற்குள் இருக்கிறது.

அடுத்தது 26. தையல் ஆலை முதல் மளிகை மொத்தக் கடை வரை, ஒரு நாள் சம்பளம் என்றால் மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுப்பது என்று வைத்திருக்கும் இடங்கள் ஏராளம். முப்பது நாளில் நான்கு வார விடுமுறையைக் கழித்தால் 26. இந்த எண் சட்டத்தில் பேர் பெற்றது பணிக்கொடைக் கணக்கில்தான். ஓராண்டுப் பணிக்குப் பதினைந்து நாள் ஊதியம் என்று 1972ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னபோது, மாதச் சம்பளக்காரருக்கு ஒரு நாள் ஊதியத்தை எப்படிக் காண்பது என்ற தகராறு எழுந்தது. திக்விஜய் உல்லன் மில்ஸ் வழக்கில் 1980இல் உச்ச நீதிமன்றம் 26-ஆல் வகுக்கும் முறையை ஏற்றது. பின்னர் சட்டத்திலேயே அது விளக்கமாக எழுதப்பட்டது.

பணிக்கொடைக்கு அது சரி. அங்கே எந்த மாதம், எத்தனை ஞாயிறு என்ற கேள்வி எழுவதில்லை. நடு மாதச் சேர்க்கைக்கு அதைக் கொண்டுவரும்போது மாதத்துக்கு மாதம் வேலை நாள் மாறுவது இடிக்கிறது. நம் ஜூலையில் ஒரு நாளுக்கு 1,200 ரூபாய் வீதம் 17 வேலை நாளுக்கு 20,400. தொழிலாளிக்கு இது லாபம். ஆனால் அதே வீதத்தில் ஜூலை முழுக்க வேலை பார்த்தவருக்கு 27 நாளுக்கு 32,400 வரும். அவருக்கோ 31,200தான் கொடுக்கிறார்கள். அதனால் சில இடங்களில் எதிர்ப்பக்கமிருந்து கணக்கிடுகிறார்கள். அவர் இல்லாத வேலை நாள் 10. அதற்கு 12,000 ரூபாயைக் கழித்து 19,200 தருகிறார்கள். கூட்டி வந்தால் ஒன்று, கழித்து வந்தால் ஒன்று. மாதத்தில் சரியாக 26 வேலை நாள் இருந்தால் மட்டும் இரண்டும் ஒன்றாகும். 2026 ஜூன் அப்படிப்பட்ட மாதம். இந்த வகுத்தியை வைத்துக்கொண்டு ஞாயிறையும் சேர்த்து 19 நாளுக்குப் பெருக்கிவிட்டால் 22,800 ஆகும். முன்பு பார்த்த அதே தவறு, இம்முறை முதலாளி தலையில் விழுகிறது. அடுத்த மாதம் கண்டுபிடித்துப் பிடித்தம் செய்வார்கள். செலவழித்த பிறகு வருகிற பிடித்தம் இன்னும் சிரமம்.

எல்லா மாதத்தையும் முப்பது நாளாக வைத்துக்கொள்ளும் நிறுவனங்களும் இருக்கின்றன. ஒரு நாளுக்கு 1,040 ரூபாய் என்பது ஆண்டு முழுக்க மாறாமல் இருப்பது அவர்களுக்கு வசதி. அதற்கான விலையை 31ஆம் தேதியும் பிப்ரவரியும் கொடுக்க வைக்கின்றன. ஜூலையில் 19 நாளைக் கூட்டினால் 19,760. வராத 12 நாளைக் கழித்தால் 18,720. பிப்ரவரியில் நிலைமை தலைகீழ். 2026 பிப்ரவரி 16, திங்கட்கிழமை சேர்ந்தவருக்கு மாத முடிவு வரை 13 நாள். கூட்டினால் 13,520, வராத 15 நாளைக் கழித்தால் 15,600. இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் வித்தியாசம். முப்பது நாள் முறை என்று மட்டும் கொள்கையில் எழுதிவிட்டு, கூட்டுவதா கழிப்பதா என்று எழுதாமல் விடுகிற நிறுவனத்தில் 31 நாள் மாதம் ஒன்றுக்கு ஒரு விதமாகவும் பிப்ரவரிக்கு வேறு விதமாகவும் கணக்குப் போட இடம் கிடைத்துவிடுகிறது. அது எப்போதும் ஒரே பக்கத்துக்குச் சாதகமாகவே நடந்தால் கேள்வி கேட்க வேண்டும்.

எந்த முறை சரி என்று எனக்குள் நான் வைத்திருக்கும் சோதனை ஒன்று உண்டு. ஒரே பதவியில், ஒரே சம்பளத்தில் ஒருவர் 12ஆம் தேதியோடு விலகுகிறார், அடுத்தவர் 13ஆம் தேதி சேர்கிறார். இருவருக்கும் கொடுத்ததைக் கூட்டினால் ஒரு மாதச் சம்பளம் வரவேண்டும். நாள்காட்டி முறையில் 12 பங்கும் 19 பங்கும் சேர்ந்து 31. எந்த மாதத்திலும் தொகை பிசகாது. அந்த மாதத்து வேலை நாளை வைத்துப் போட்டாலும் 10-உம் 17-உம் சேர்ந்து 27, அதுவும் பிசகாது. முப்பது நாள் முறையில் கூட்டிக் கொடுத்தால் ஜூலையில் ஒரு நாள் சம்பளம் கூடுதலாகப் போகும். கழித்துக் கொடுத்தால் ஒரு நாள் சம்பளம் காணாமல் போகும். இந்தக் காரணத்தாலேயே நாள்காட்டி முறைக்கு என் ஓட்டு. எல்லோருக்கும் விளங்கும், யாரும் எந்த மாதத்திலும் சரிபார்க்கலாம்.

அந்த முறையிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. 2026இல் பிப்ரவரி, மார்ச், நவம்பர் மூன்று மாதங்களும் ஞாயிற்றுக்கிழமையில் பிறக்கின்றன. பிப்ரவரி 2, திங்கட்கிழமை சேர்ந்தவர் அந்த மாதத்தின் 24 வேலை நாளும் வந்திருப்பார். ஒரு நாள்கூடத் தவறியிருக்க மாட்டார். ஆனாலும் நாள்காட்டிப்படி 28-இல் 27 பங்குதான். 31,200 ரூபாயில் 1,114 ரூபாய் குறையும். வேலை நாள் முறையில் இது நேராது. ஆஃபர் லெட்டர் கைக்கு வரும்போதே இந்தத் தேதியைக் கவனித்து, சேர்க்கையை ஒன்றாம் தேதியிலிருந்து கணக்கில் எடுப்பார்களா என்று கேட்கலாம். கையெழுத்துப் போட்ட பிறகு கேட்பதைவிட முன்பே கேட்பது பலன் தரும்.

பே ஸ்லிப்புக்கு வருவோம். அடிப்படைச் சம்பளம், வீட்டு வாடகைப்படி, சிறப்புப்படி எல்லாமே ஒரே விகிதத்தில் குறைய வேண்டும். பி.எஃப். பிடித்தம் அப்படிக் குறைந்து கிடைத்த அடிப்படைச் சம்பளத்தின் மீதுதான் வரும். ஆனால் இ.எஸ்.ஐ.க்கு ஒருவர் உட்படுகிறாரா என்பதை முதல் மாதம் கைக்கு வந்த தொகையை வைத்து முடிவு செய்யக் கூடாது. அதன் ஊதிய வரம்பு மாதம் 21,000 ரூபாய். நம்மவருக்கு ஜூலையில் வந்தது 19,122. வரம்புக்குக் கீழே இருப்பதால் அவர் இ.எஸ்.ஐ.க்குள் வந்துவிடுவதில்லை, பார்க்க வேண்டியது முழு மாதச் சம்பள வீதமான 31,200.

சில நிறுவனங்களில் வருகைக் கணக்கை 25ஆம் தேதியோடு மூடிவிடுவார்கள். அங்கே ஜூலைச் சம்பளமாக 13 முதல் 25 வரை 13 நாளுக்கு 13,084 ரூபாய் மட்டும் வரலாம். மிச்சம் 6 நாள் ஆகஸ்ட் சம்பளத்தோடு அரியர்ஸாக வரும். முதல் மாதத்தில் மனம் உடைய வேண்டியதில்லை, ஆனால் அடுத்த மாதம் அந்த 6,039 ரூபாய் தனி வரியாக வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அதையும் அந்த நாட்கள் இருந்த மாதத்தின் 31-ஆல்தான் வகுக்க வேண்டும்.

எக்செல் வைத்திருப்பவர்கள் தாங்களே சரிபார்க்கலாம். A2 கட்டத்தில் மாதச் சம்பளம், B2 கட்டத்தில் சேர்ந்த தேதி என்று வைத்தால் நாள்காட்டி முறைக்கு இந்த ஒரு வரி போதும்:

```
=ROUND(A2*(EOMONTH(B2,0)-B2+1)/DAY(EOMONTH(B2,0)),0)
```

இதில் இருக்கும் +1 தான் சேர்ந்த நாளைக் கணக்கில் சேர்க்கிறது. காசை முழு ரூபாயாக்குவதும் கடைசியில்தான் நடக்கிறது. ஒரு நாள் சம்பளத்தை முதலிலேயே 1,006 என்று முழுமையாக்கிவிட்டு 19-ஆல் பெருக்கினால் 19,114தான் வரும்; எட்டொன்பது ரூபாய் வீணாகப் போகும்.

வாடகைக்கும் இதே கணக்குதான், ஆனால் அங்கே ஞாயிறு என்ற குழப்பம் இல்லை. வீடு எல்லா நாளும் வீடுதான். நாள்காட்டி நாள் தவிர வேறு எதையும் எண்ண முடியாது. அங்கே சண்டை எந்தத் தேதியிலிருந்து என்பதில்தான் வருகிறது. ஜூலை நடுவில் ஆடி பிறந்துவிடும். அதற்குமுன் பால் காய்ச்சிவிட்டு, சாமான்களோடு ஆவணியில் வருகிற குடும்பங்கள் எத்தனையோ. குடிவந்த தேதியிலிருந்து வாடகை என்று அவர்கள் நினைப்பார்கள். வீட்டுக்காரரோ சாவி கொடுத்த அன்றே வேறு யாருக்கும் விட முடியாமல் போய்விட்டது என்பார். வீட்டுக்காரர் சொல்வதே சரி என்று நினைக்கிறேன். சாவி யார் கையில் இருக்கிறதோ அவர் பொறுப்பில்தான் வீடு இருக்கிறது. வாடகையும் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

மாத வாடகை 12,000. ஜூலை 13ஆம் தேதி சாவி. நாள்காட்டிப்படி 19 நாளுக்கு 7,355 ரூபாய். முப்பதால் வகுத்தால் 7,600. ‘பதினைந்தாம் தேதிக்குள் வந்தால் முழு வாடகை, அதற்குப் பிறகு வந்தால் பாதி’ என்று வைத்திருக்கும் வீட்டுக்காரர்களும் உண்டு. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் வாடகையை ஒப்பந்தத்தின்படி செலுத்தச் சொல்கிறது. ஆகவே ஒப்பந்தத்தில் முதல் மாத வாடகை இவ்வளவு ரூபாய் என்று தொகையையே எழுதிவிடுவது நல்லது. ‘விகிதப்படி’ என்று மட்டும் எழுதினால் முப்பதா முப்பத்தொன்றா என்று மறுபடி பேச வேண்டியிருக்கும். கணக்கே வேண்டாம் என்பவர்கள் 13 முதல் அடுத்த 12 வரை ஒரு வாடகை மாதம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒன்றாம் தேதி சம்பளம் வாங்குகிறவர்களுக்கு 13ஆம் தேதி வரை பணத்தை எடுத்துவைப்பது கடினம்.

தேதியை எழுதும்போது ஒரு சட்ட நுணுக்கம் இருக்கிறது. 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 110ஆவது பிரிவுப்படி, குத்தகைக் காலம் ஒரு குறிப்பிட்ட நாளிலிருந்து தொடங்குவதாக எழுதியிருந்தால், காலத்தைக் கணக்கிடும்போது அந்த நாள் விடுபடும். நாமோ வாடகையை அந்த நாளுக்கும் சேர்த்துக் கொடுத்திருப்போம். ‘13.07.2026 முதல் 12.06.2027 வரை, இவ்விரு நாட்களும் உட்பட, பதினொரு மாதம்’ என்று எழுதிவிட்டால் காலி செய்யும் நாளில் பிரச்சினை வராது.

வாடகைக்கு இருக்கும்போதே வீடு கைமாறினால் அதே சட்டத்தின் 36ஆவது பிரிவு வருகிறது. வேறு ஒப்பந்தமோ ஊர் வழக்கமோ இல்லாவிட்டால், விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையே வாடகை நாளுக்கு நாள் சேர்வதாகக் கொண்டு பிரிக்க வேண்டும் என்கிறது. ஜூலை 13 முதல் வீடு புதியவருடையது என்றால், 12,000 ரூபாயில் 12 நாளுக்கான 4,645 பழையவருக்கு, 7,355 புதியவருக்கு. குடியிருப்பவர் செய்ய வேண்டியது, யாருக்கு எந்த மாத வாடகை கொடுத்தோம் என்பதற்கு ரசீது வைத்திருப்பது.

பராமரிப்புக் கட்டணத்தையும் வாடகை போலவே நாள் கணக்கில் பிரிக்கலாம். மின்கட்டணத்தை மட்டும் அப்படிப் பிரிக்கக் கூடாது. தமிழ்நாட்டில் வீட்டு மின் இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கணக்கெடுப்பார்கள். முந்தைய குடித்தனக்காரர் குளிர்சாதனம் ஓட்டிய யூனிட்டும் நம் விளக்கு எரிந்த யூனிட்டும் ஒரே பில்லில் வரும். இரண்டு மாதத்துக்கு முதல் நூறு யூனிட் இலவசம் என்பதும், யூனிட் ஏற ஏற விலை ஏறுவதும் ஒரு இணைப்புக்குத்தானே தவிர ஆளுக்கு அல்ல. ஆகவே சாவி வாங்கும்போதே மீட்டரில் இருக்கும் எண்ணைப் படமெடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிட வேண்டும். பில்லில் மொத்தம் 300 யூனிட், அதில் சாவி வாங்கிய பிறகு ஓடியது 120 என்று தெரிந்தால், தொகையில் ஐந்தில் இரண்டு பங்கு நம்முடையது. இலவச நூறு யூனிட்டில் நாற்பதும் அதே கணக்கில் நமக்கு வந்துவிடும்.